ஜனவரிக் குளிரில் டொராண்டோ அலுவலகத்துக்குச் சேலை, பள்ளிக்கு வேட்டி: எப்படிக் கொண்டு சேர்ப்பது, கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

மிசிசாகா மதி

வணக்கம். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்பதால் பொங்கலன்று எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு வைக்கிறார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். வீட்டிலிருந்து கோ ரயில் நிலையம் பன்னிரண்டு நிமிட நடை. யூனியனில் இறங்கி இன்னும் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கணவர் தன் அலுவலகத்துக்கு வேட்டி கட்டப் போகிறார். பையன் இரண்டாம் வகுப்பு, அவனுக்கும் வேட்டிதான் வேண்டுமாம்.

மைனஸ் பத்தில், தரையெல்லாம் பனிச்சேறாகக் கிடக்கும்போது சேலையை எப்படிக் கெடாமல் கொண்டு சேர்ப்பது? அங்கே போனதும் ஆளாளுக்குக் கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? போன தீபாவளிக்குச் சுடிதார் போட்டதற்கே "காஸ்ட்யூம் அழகாக இருக்கிறது" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்தலாக இருந்தது.

சிங்கை சேகர்

அலுவலகத்துக்குப் பட்டு வேண்டாம் அம்மா. ரயிலேறி நடந்து போவதற்குள் ரவிக்கையின் அக்குள் நனைந்து சரிகை கறுத்துவிடும். மெல்லிய பருத்திச் சேலையாகக் கட்டுங்கள், கைக்குட்டை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழாசிரியைகள் பலர் அப்படித்தான் போகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மிசிசாகா மதி

சேகர் அண்ணா, நான் கேட்டது கனடாக் குளிருக்கு. இங்கே அன்றைக்கு வியர்க்க வாய்ப்பே இல்லை!

தையல் அக்கா மார்க்கம்

தங்கச்சி, குளிரைப் பற்றி யோசிக்காதேங்கோ. குளிர் உங்களுக்குத்தான், அதுக்கு உள்ளுக்குப் போட எத்தனையோ சாமான் இருக்கு. சாறியைப் பழுதாக்கிறது ரெண்டு விசயம். ஒண்டு ரோட்டில போடுற உப்பு. மற்றது காய்ஞ்ச காத்தில வாற ஸ்டாட்டிக். ரெண்டையும் தனித்தனியா சொல்லுறன்.

உப்பு. நடைபாதையில கொட்டுற உப்பு பனியோட கரைஞ்சு சாம்பல் நிறத் தண்ணியா நிக்கும். சாறியின்ர கீழ்க்கரை அதில பட்டால் துணி தண்ணியை மேல இழுக்கும். கரையில ரெண்டு விரல் அகலம் நனைஞ்சாலே, காயேக்கை நாலு விரல் உயரத்துக்கு வெள்ளைக் கோடு வந்திடும். ஃபால் தைச்ச சாறியில இது இன்னும் மோசம். ஃபால் பருத்தித் துணி, தண்ணியை நல்லாக் குடிக்கும். தண்ணி பட்டுச் சுருங்கினால் பட்டை இழுத்துப் பிடிச்சுக் கரையெல்லாம் சுருக்கு விழும். அதனால புதுச் சாறிக்கு ஃபால் தைக்கிறதெண்டால் அந்த ஃபால் துணியை முதல்ல ஒருக்கால் தண்ணியில நனைச்சு, காயவிட்டு, அயர்ன் பண்ணிப்போட்டுத் தையுங்கோ.

இப்ப வழி. கொசுவத்தை மட்டும் கையால தூக்கிக்கொண்டு நடந்தால் பின்பக்கம் உரசும். சாறி உங்களைச் சுத்தித்தானே கிடக்கு? அதால சுத்திவர உயர்த்த வேணும். ஒரு இழுபடுற பட்டி எடுங்கோ, மூண்டு விரல் அகலம், பாவாடை இடுப்புக்குப் போடுறதை விடக் கொஞ்சம் மொத்தமானது. உங்கட இடுப்பு அளவை விட ஒரு சாண் குறைச்சு வெட்டி, நுனிக்குக் கொளுக்கி தையுங்கோ. சாறியை முழுக்கக் கட்டி, பின் எல்லாம் குத்தி முடிச்ச பிறகு இந்தப் பட்டியை இடுப்பெலும்புக்கு மேல, சாறிக்கு வெளியால போடுங்கோ. பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் பக்கங்களிலயும் சாறியையும் உள்பாவாடையையும் சேர்த்துப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா மேல இழுத்துப் பட்டிக்கு மேல தொங்க விடுங்கோ. கரை முழங்காலுக்குக் கீழ ஒரு சாண் உயரத்தில வந்து நிக்க வேணும். ரெண்டையும் சேர்த்து இழுத்தால் கொசுவம் கலையாது. சாறியை மட்டும் இழுத்தீங்களெண்டால் மடிப்பெல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சிடும்.

மேல முழங்காலுக்குக் கீழ வாற நீளக் கோட். காலுக்கு நீளப் பனிச்சப்பாத்து. உள்ளுக்குப் போடுற சப்பாத்தைப் பையில கொண்டு போங்கோ. சாறி கட்டேக்கை அந்த உள்சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் உயரம் பாக்க வேணும். வெறுங்காலோட கட்டிப்போட்டுக் குதிச் சப்பாத்துப் போட்டால் கணுக்கால் தெரியும். பனிச்சப்பாத்தோட கட்டினால் அலுவலகத்தில சாறி நிலத்தைக் கூட்டும். இடம் போனதும் கொளுக்கியைக் கழட்டி, கரையைப் பிடிச்சு மெதுவா ஒரு உதறு, அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில விழுற மடிப்பு, கட்டினபடியே கொஞ்ச நேரத்தில போயிடும்.

ஸ்டாட்டிக்கைப் பற்றிப் பிறகு எழுதுறன், கடைக்கு ஆள் வந்திட்டுது.

ரம்யா வாட்டர்லூ

அக்கா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் இவ்வளவு சிரமம் எதற்கு? அலுவலகத்தில் போய்க் கட்டினால் போதுமே. முதல் நாள் இரவே கொசுவத்தை மடித்து, மேல் நுனியில் ஒரு பின், அரையடி கீழே துணி கிளிப் ஒன்று போட்டு வைத்துவிட வேண்டும். முந்தானையையும் மடித்து, தோளில் வரும் இடத்தில் பின் குத்தி, அயர்ன் பண்ணித் தட்டையாகப் பையில் வைத்தால் கசங்காது. ரவிக்கையும் பாவாடையும் போட்டு, மேலே ஸ்வெட்டர், கீழே தளர்வான பேண்ட் என்று போய், கழிவறையில் ஐந்து நிமிடத்தில் கட்டிவிடலாம்.

தையல் அக்கா மார்க்கம்

பிள்ளை, அது நல்ல முறைதான், கொசுவத்தை முதலே மடிச்சு வைக்கிறது எந்த முறைக்கும் உதவும். ஆனால் கழிவறையில கட்டேக்கை அஞ்சரை மீற்றர் துணி அந்த நிலத்தில விழாமல் பிடிக்க ரெண்டு கை காணாது. காலை எட்டரைக்கு எல்லாரும் பனிச்சப்பாத்தோட வந்து போயிருப்பினம், நிலம் முழுக்க அதே உப்புத் தண்ணிதான். மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய கழிவறையை இருபது நிமிசம் பிடிச்சு வைச்சிருக்கிறதும் சரியில்லை. கதவு பூட்டக்கூடிய ஒரு சின்னக் கூட்டஅறை கிடைச்சால் அங்க கட்டுங்கோ, ஒரு பழைய படுக்கை விரிப்பை விரிச்சுப்போட்டு.

ரம்யா வாட்டர்லூ

தரை விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது பட்டுச் சேலையோடு போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நெல்லைக்காரன்

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று மதி ஏன் கவலைப்பட வேண்டும்? ஒன்டாரியோவில் மனித உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் பண்பாட்டு உடையை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. உடனே அந்த ஆண்டே தமிழ்நாட்டில் வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கேயும் அதே நிலைதான்.

தொழிற்சங்கத் தம்பி

அண்ணே, பாதி சரி. தமிழ்நாட்டுச் சட்டம் அங்குள்ள கிளப், பொது இடங்களுக்கானது, இங்கே செல்லாது. ஒன்டாரியோச் சட்டத்தில் "பண்பாடு" என்று ஒரு தலைப்பே கிடையாது. வம்சாவளி, பிறந்த இடம், இனம், மத நம்பிக்கை என்றுதான் இருக்கிறது. ஒருவரைச் சேலை கட்டியதற்காக ஒதுக்கினால் அதை இன அடிப்படையிலான பாகுபாடு என்று வாதிடலாம். ஆனால் "எந்த வேலையிலும் எதை வேண்டுமானாலும் உடுத்தலாம்" என்று அதற்கு அர்த்தமில்லை.

பாதுகாப்பு என்று வந்துவிட்டால் கதை மாறும். டொராண்டோ ரயில் பணிமனையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த சீக்கியர் ஒருவர், தலைப்பாகைக்குப் பதில் கட்டாயத் தலைக்கவசம் போட மறுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1985இல் தீர்ப்பு நிர்வாகத்துக்குச் சாதகமாக வந்தது. 1990இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் வாதத்தைத் திருத்தியது. பணியாளருக்கு எந்த அளவு இடம்கொடுக்க முடியும் என்று நிர்வாகம் முயன்று பார்த்தாக வேண்டும் என்பது இன்றைய நிலை. அளவுக்கு மீறிய சிரமம் என்று சொல்ல வேண்டுமானால் செலவையோ, உடல்நலம் பாதுகாப்பு போன்றவற்றையோதான் காட்ட வேண்டும். "வாடிக்கையாளருக்குப் பிடிக்காது" என்பது காரணமாகாது.

ஆகவே மேசை வேலை என்றால் மதிக்கு ஒரு தடையும் வராது. சுழலும் இயந்திரம், ஆய்வகத் தீ, நோயாளியைத் தூக்குவது, இந்த மூன்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே மேலாளருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. முந்தானை ஒரு சுழலும் தண்டில் சிக்கினால் பின் கழன்று விடாது, ஆளைத்தான் இழுக்கும்.

நெல்லைக்காரன்

சரி தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "மேலாளரிடம் கேள்" என்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. கோட் சூட் போடுகிறவர் யாரிடமும் கேட்பதில்லையே?

தொழிற்சங்கத் தம்பி

மேசை வேலைக்குக் கேட்கத் தேவையே இல்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் கழுத்துப்பட்டி கட்டினாலும் அதே கேள்விதான் வரும். அதற்காகத்தான் சொன்னேன்.

தையல் அக்கா மார்க்கம்

பின்னுகளைப் பற்றி ஒண்டு. கோட் போட்டுக் கழட்டேக்கை, முதுகுப்பை தோளில தொங்கேக்கை, தோள் பின்தான் முதல்ல பட்டைக் கிழிக்கும். ஊக்கின்ர சுருள் இருக்குதெல்லோ, கம்பி வளைஞ்சு திரும்புற இடம், அதுக்குள்ள பட்டு நூல் போய் மாட்டும். ஊக்கைத் திறந்து ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்துச் சுருள் வரைக்கும் தள்ளி விடுங்கோ. மணி அடைச்சு நிக்கும், துணி சுருளுக்குக் கிட்டப் போகாது. பின்னை ரவிக்கையின்ர வெறும் துணியில குத்தாமல் தோள் தையலில குத்துங்கோ. தையலில நாலு மடிப்புத் துணி இருக்கு, பாரம் தாங்கும். முதுகுப்பையை அண்டைக்கு விட்டுப்போட்டுக் கைப்பை கொண்டு போங்கோ.

அலுவலகத்தில அடிக்கடி நடக்கிற விபத்து கதிரைச் சில்லு. இருந்தபடி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினால் தொங்கிற முந்தானைக்கு மேல சில்லு ஏறும். எழும்பேக்கை தோள் பின் இழுபட்டு ரவிக்கை கிழியும். முந்தானை முழங்காலுக்குப் பின்பக்கம் வரைக்கும் இருந்தால் காணும், அதுக்குக் கீழ விடாதேங்கோ. இருக்க முதல் அதை வலப்பக்கத்தால முன்னுக்குக் கொண்டு வந்து மடியில போடுங்கோ.

நகரும் படியில நடுவில நில்லுங்கோ. ஓரத்தில படிக்கும் சுவருக்கும் இடையில இருக்கிற நீக்கல்தான் துணியைப் பிடிக்கிறது. கரையை ஒரு கையால ரெண்டு விரல் உயர்த்திப் பிடிக்கவேணும். மாட்டினால் இழுக்காதேங்கோ, படியின்ர ரெண்டு நுனியிலயும் சிவப்பு நிறுத்து பொத்தான் இருக்கு, கிட்ட நிக்கிற ஆளிட்டச் சொல்லி அமத்தச் சொல்லுங்கோ.

டவுன்டவுன் வாசு

மதி, யூனியனில் இறங்கிய பிறகு ஏன் வெளியே நடக்க வேண்டும்? அங்கிருந்து 'பாத்' என்ற சுரங்க நடைபாதை நிதி மாவட்டக் கோபுரங்கள் பலவற்றுக்குக் கீழேயே போகிறது, முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம். உங்கள் கட்டடம் அதில் சேர்ந்திருந்தால் பட்டியை யூனியனிலேயே கழற்றலாம். வழி குழப்பும், அதனால் முந்தைய நாள் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: வாசல் அருகே பளிங்குத் தரையில் காலணிகளிலிருந்து உருகிய தண்ணீர் தேங்கும். அந்த ஐம்பதடி தாண்டிய பிறகே சேலையை இறக்குங்கள்.

ஈரோடு குமரேசன்

வேட்டி பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

நாலு முழம் ஒற்றை வேட்டி அலுவலகத்துக்கு வேண்டாம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து திரும்பினால் மேல்மடிப்பு விலகித் தொடை தெரியும். எட்டு முழம் இரட்டை வேட்டிதான் சரி. உள்ளே தெர்மல் போடுபவர்கள் செய்யும் பெரிய தவறு கறுப்புத் தெர்மல். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மடிப்பு வேட்டிக்குள்ளும் கறுப்பு அப்படியே தெரியும். தூய வெள்ளையும் ஓரளவு தெரியத்தான் செய்யும். தோல் நிறம் அல்லது வெளிர் சாம்பல்தான் மறைந்து நிற்கும். வீட்டில் ஜன்னலுக்கு எதிரே நின்று, வெளிச்சம் பின்னால் இருக்கும்படி ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டு பற்றி: வயிற்றைச் சுற்றி வேட்டியின் மேல் அகலமான பச்சை பெல்ட் போடலாம். அதில் பை இருக்கும், கைபேசியும் அலுவலக அட்டையும் வைக்க வேறு இடம் கிடையாது. ஒட்டுப்பட்டை வேட்டி இன்னும் சுலபம், ஆனால் ஒட்டுப்பட்டையின் கொக்கிப் பக்கம் ஸ்வெட்டர் நூலைப் பிடித்து அடைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் பிடிப்பு விடும். பழைய பல் துலக்கும் பிரஷால் கொக்கிகளுக்கு நடுவே உள்ள பஞ்சை எடுத்துவிட்டு, பெல்ட்டும் சேர்த்துப் போடுங்கள்.

வெளியே நடக்கும்போது பாதியாக மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், ஊரில் வயலுக்குப் போகிற மாதிரி. உள்ளே தெர்மலுக்கு மேல் ஒரு நீர் புகாத பேண்ட், மேலே கோட். அலுவலகக் கதவுக்குள் நுழைந்ததும் பேண்ட்டைக் கழற்றி, மடிப்பை இறக்கிவிடுங்கள். மடித்துக் கட்டியபடி கூட்டத்துக்குப் போகாதீர்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது தெரியாது, ஆனால் அறையில் இன்னொரு தமிழர் இருந்தால் அவருக்கு மரியாதைக் குறைவாகப் படும்.

கஞ்சி போட்ட வேட்டி அன்றைக்கு வேண்டாம். பனி விழுந்து நனைந்தால் கரையில் விறைப்பு போய்த் தொங்கும், மேலே மட்டும் விறைத்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது.

கனகம் ரீச்சர்

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள், அதைப் பாப்பம். பள்ளிக்கூடத்தில சின்னப் பிள்ளையளை மைனஸ் பத்திலயும் வெளிய விளையாட விடுவினம். ஒவ்வொரு இடைவேளைக்கும் பிள்ளை பனிப் பேண்ட் போட வேணும், வந்து கழட்ட வேணும். ஏழு வயசுப் பிள்ளையால வேட்டிக்கு மேல அதை இழுத்துப் போட ஏலாது. இருபத்தஞ்சு பிள்ளையளோட நிக்கிற ரீச்சரும் வேட்டி கட்டி விட மாட்டா. அதால இடுப்பில இழுபடுற பட்டி தைச்சு, பக்கத்தில ஒட்டுப்பட்டை வைச்ச வேட்டி எடுங்கோ. கணுக்காலுக்கு மேல நாலு விரல் நிக்க வேணும், இல்லாட்டி படியில மிதிச்சு விழுவார். உள்ளுக்கு வழமையான பேண்ட். இடைவேளைக்கு மணி அடிச்சதும் வேட்டியை ஒரே இழுவையில கழட்டிப் பையில வைக்க, திரும்பி வந்து போட, வீட்டில மூண்டு நாள் பழக்குங்கோ. உடற்பயிற்சிப் பாடத்தில கழட்டச் சொல்லுவினம், அது ஞாயம்.

பிள்ளையள் கேக்கிற கேள்வி ஒண்டுதான்: "ஏன் பாவாடை போட்டிருக்கிறாய்?" அதை முதன்முதலா வகுப்பில கேட்டால் பிள்ளை சுருங்கிப் போகும், அடுத்த வருசம் வேட்டியே வேண்டாம் எண்டும். வீட்டில நீங்கள் அதே கேள்வியை அதே மாதிரிக் கேளுங்கோ. பதில் சின்னதா இருக்க வேணும்: "இது வேட்டி. என்ர அப்பாவும் கட்டுவார். இண்டைக்குப் பொங்கல்." வேட்டி எண்ட சொல்லைத் தமிழிலயே சொல்லட்டும். முதல் நாள் ரீச்சருக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கோ, அதில "வேட்டி" எண்டு எப்பிடி உச்சரிக்கிறது எண்டும் எழுதி விடுங்கோ. காலையில வகுப்புக்கு முன்னால ரீச்சர் அந்தச் சொல்லைச் சரியாச் சொன்னால் பிறகு மற்றப் பிள்ளையளும் அதைத்தான் சொல்லுவினம்.

மிசிசாகா மதி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். அக்கா சொன்ன பட்டி நன்றாக நிற்கிறது. ஆனால் இறக்கிவிட்ட பிறகு வேறு பிரச்சினை. கொசுவம் கீழே விரியாமல் இரண்டு காலுக்கும் நடுவே போய் ஒட்டிக்கொள்கிறது. பிரித்துவிட்டால் பத்தடி நடப்பதற்குள் மறுபடி ஒட்டுகிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. உள்ளே பாலியஸ்டர் தெர்மல், அதன் மேல் சாட்டின் உள்பாவாடை, மேலே பட்டு.

தையல் அக்கா மார்க்கம்

அதுதான் நான் பிறகு எழுதுறன் எண்ட ஸ்டாட்டிக். நீங்கள் போட்டிருக்கிற அடுக்குத்தான் காரணம். தெர்மலும் சாட்டின் பாவாடையும் ரெண்டும் செயற்கை நூல். நடக்கேக்கை ஒண்டோட ஒண்டு உரசி மின்னேறும். கோடை எண்டால் காத்தில இருக்கிற ஈரம் அதை இறக்கிப் போடும். ஹீட்டர் ஓடுற வீட்டில காத்து காய்ஞ்சு போய் நிக்கும், ஏறினது இறங்காது. பட்டு அதில போய் ஒட்டும்.

மாத்த வேண்டியது பாவாடை. சாட்டினைக் கழட்டிப்போட்டுப் பருத்திப் பாவாடை போடுங்கோ. பருத்தி தனக்குள்ள கொஞ்சம் ஈரம் வைச்சிருக்கும், அதால மின்னேத்தம் நிக்காது. தெர்மலும் பருத்தியாவோ மெல்லிய கம்பளியாவோ இருந்தால் இன்னும் நல்லம். எந்தத் துணி பிழை எண்டு தெரிய வேணுமெண்டால் ஒவ்வொண்டாக் கழட்டிப் போட்டு, ஒருக்கால் விறாந்தையில போய் வந்து பாருங்கோ. கொசுவம் தானா விழுந்தால் அப்ப கழட்டினதுதான் குற்றவாளி.

அண்டைக்கு அவசரத்துக்கு: காலுக்கும் கைக்கும் கிறீம் பூசுங்கோ, பாவாடையின்ர உள்பக்கக் கீழ்த்தையலில ஒரு சின்ன ஊக்கைக் குத்தி விடுங்கோ, உடுப்புக் காயவைக்கிற மெசினில ஸ்டாட்டிக்குக்குப் போடுற தாளைப் பாவாடையின்ர உள்பக்கத்தில ஒருக்கால் தடவுங்கோ. அந்தத் தாளைப் பட்டில தேய்க்காதேங்கோ, மெழுகு மாதிரிக் கறை விழும்.

ரம்யா வாட்டர்லூ

உப்புத் தண்ணீர் பட்டேவிட்டால் என்ன செய்வது அக்கா? அதைச் சொல்லவில்லையே.

தையல் அக்கா மார்க்கம்

காய விடாதேங்கோ, தேய்க்காதேங்கோ. ஒரு வெள்ளைத் துணியைக் குளிர் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, நனைஞ்ச இடத்தில ஒத்தி ஒத்தி எடுங்கோ. துணியில நிறம் இறங்கிறதெண்டால் உடனே நிப்பாட்டி உலர்சலவைக்குக் குடுங்கோ. நிறம் இறங்காட்டி ஒத்துற இடத்தைச் சுத்தி வெளிப்பக்கமா ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கொண்டு போங்கோ. திடீரெண்டு ஈரம் முடியிற இடத்திலதான் தண்ணிக் கோடு விழும். வெள்ளிச் சரிகையில உப்பு நிண்டால் கறுக்கும், அதைத் திருப்பிப் பளபளக்கச் செய்யிறது கஷ்டம். அதாலதான் இவ்வளவு நீட்டி எழுதினனான். பருத்திச் சாறியெண்டால் இந்தப் பயம் குறைவு, குளிர் தண்ணியில ஊற வைச்சுத் தோய்க்கலாம்.

டவுன்டவுன் வாசு

இனி மதியின் இரண்டாவது கேள்வி. அலுவலகத்தில் வரும் பேச்சுகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். "அழகாக இருக்கிறது" என்பதற்கு நன்றி மட்டும் போதும், விளக்கம் கேட்கவில்லை அவர்கள். "என்ன விசேஷம்?" என்றால் ஒரே வரி: "இன்று பொங்கல், அறுவடைத் திருநாள். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள்." ஒன்டாரியோவில் 2014இல் சட்டமாகவே வந்தது, 2016இல் கனடா நாடாளுமன்றமும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது என்று மேலும் கேட்பவரிடம் சொல்லலாம். மூன்றாவது, தொட்டுப் பார்க்க நீளும் கை. முந்தானை நுனியை நீங்களே எடுத்து நீட்டி "இது பட்டு, இது சரிகை" என்றால் கை தோளுக்கு வராது.

"காஸ்ட்யூம்" என்றால் அமைதியாக, "இது சேலை, எங்கள் உடை" என்று பெயரைச் சொல்லுங்கள். மனம் நோகும்படி சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலும் வேறு சொல் தெரியாமல்தான் சொல்கிறார்கள்.

ரம்யா வாட்டர்லூ

எல்லோரும் தெரியாமல் சொல்வதில்லை வாசு. "இன்றைக்கு இப்படி வந்திருக்கிறீர்களே, வாடிக்கையாளர் கூட்டம் இருக்கிறதே" என்று ஒரு மேலாளர் சொன்னால் அது வேறு. அதற்கும் புன்னகைதான் பதில் என்றால் எனக்கு உடன்பாடில்லை.

தொழிற்சங்கத் தம்பி

அப்படிச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "உடை விதியில் எந்தப் பகுதிக்கு இது ஒத்துவரவில்லை?" பதில் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே தேதியும் நேரமும் சொன்ன சொல்லும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். முடியாமல் கூட்டத்திலிருந்து ஒதுக்கினால், நடந்ததிலிருந்து ஓராண்டுக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். குறிப்பு இல்லாமல் போனால் அங்கே வாதம் நிற்பது கடினம்.

நெல்லைக்காரன்

பொங்கலுக்கு மட்டும் கட்டிப் போவதால்தான் "என்ன விசேஷம்" என்று கேட்கிறார்கள். மாதம் ஒருமுறை கட்டினால் கேள்வியே நின்றுவிடும் என்பது என் கட்சி.

கனகம் ரீச்சர்

மாதம் ஒருக்கால் பருத்திச் சாறி கட்டலாம், அது நல்லது. ஆனால் கேள்வி நிக்குமோ எண்டது எனக்குச் சந்தேகம். புது ஆக்கள் வந்துகொண்டே இருப்பினம்.

மிசிசாகா மதி

பருத்திப் பாவாடை மாற்றியதும் கொசுவம் தானாக விழுகிறது அக்கா! தெர்மல் பழையதுதான், ஆனாலும் ஒட்டவில்லை. பாசிமணி கோத்த ஊக்கு நாலு தயார். பையனிடம் "ஏன் பாவாடை போட்டிருக்கிறாய்?" என்று கேட்டுப் பழக்கினேன். முதல் நாள் அழுதான், இன்று "வேட்டி, வேட்டி" என்று என்னையே திருத்துகிறான்.

ஒன்றே ஒன்று மிச்சம். நான் எடுத்து வைத்திருப்பது அம்மாவின் கல்யாணப் பட்டு, அரக்குச் சிவப்பு. நிறம் இறங்குமா என்று எப்படிச் சோதிப்பது? கரையின் உள்பக்கத்தில் நனைத்துப் பார்த்தால் அங்கேயே கோடு விழுமோ என்று பயமாக இருக்கிறது.

தையல் அக்கா மார்க்கம்

கரையில வேண்டாம். இடுப்பில செருகுற உள்தலைப்பு இருக்குதெல்லோ, அதின்ர மூலையில ஒரு விரல் நுனி அளவு. ஈரப் பஞ்சை வைச்சு முப்பது எண்ணுங்கோ. பஞ்சு சிவந்தால் அந்தச் சாறியை அண்டைக்குக் கட்டாதேங்கோ, வேற கட்டுங்கோ. அம்மான்ர பட்டுக்கு வெயில் காலத்தில ஒரு நாள் வரும்.